எந்தச் சரிவு பெரிய சரிவு?

வாடிக்கையாளருக்கு சென்செக்ஸின் நீண்டகால வரைபடத்தைக் காட்டும் ஆலோசகர் முதலில் பார்க்க வேண்டியது இடப்பக்க அச்சை.

2008 ஜனவரியில் சுமார் 20,900 புள்ளிகளில் இருந்த சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200-க்கு அருகில் வந்தது. இழப்பு ஏறக்குறைய 12,700 புள்ளிகள். 2020 ஜனவரியில் சுமார் 42,000-இல் இருந்து மார்ச்சில் 26,000-க்கு இறங்கியபோது இழப்பு 16,000 புள்ளிகள். சாதாரண அளவுகோலில் புள்ளிகளே உயரமாகின்றன. அதனால் கொரோனா சரிவுதான் பெரிதாகத் தெரியும். ஆனால் முதலீட்டாளர் இழந்தது 2008-இல் சுமார் 61 சதவீதம், 2020-இல் 38 சதவீதம்தான்.

மடக்கை அளவுகோலில் 1,000-இலிருந்து 2,000-க்கும், 40,000-இலிருந்து 80,000-க்கும் ஒரே உயரம். சதவீதம் சமமென்றால் தூரமும் சமம். எனவே 2008-இன் பள்ளம் அதில் ஆழமாகத் தெரியும்.

பல பத்தாண்டுகளுக்கு மெழுகுவர்த்தி வரைபடம் பயன்படாது. குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மாத இறுதி விலைகளை இணைக்கும் கோடு போதும். ஆனால் அது மாத நடுவில் வந்த அடிமட்டத்தை மறைத்துவிடும். 2020 மார்ச் 23-இல் 26,000-ஐத் தொட்ட சந்தை, மாத இறுதிக்குள் 29,000-ஐத் தாண்டிவிட்டது. அத்தகைய அடிமட்டங்களைத் தனிப்புள்ளியாகக் குறிக்கலாம். கோட்டுக்குக் கீழே வண்ணம் நிரப்பக் கூடாது. மடக்கை அச்சில் பூஜ்யமே கிடையாது, நிரப்பிய பரப்புக்கு அர்த்தமில்லை.

வாடிக்கையாளர் தம் கையிருப்பு எத்தனை ரூபாய் குறைந்தது என்று கேட்டால், சாதாரண அளவுகோலே சரி.