“மருந்து இல்ல டாக்டர், பொடிதான்”

மார்கழி பிறந்தும் அத்தை வாசலில் பெரிய கோலம் போடவில்லை. நாலு புள்ளி வைத்து முடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். உடம்பெல்லாம் அரிப்பு, சோற்றைக் கண்டாலே குமட்டல், சிறுநீர் கட்டன்காபி நிறத்தில். வயது 61. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், தைராய்டுக்குத் தைராக்ஸின் என்று மூன்று மாத்திரைகளைப் பல வருடங்களாக விழுங்கி வருபவர். ஒன்றும் ஆனதில்லை.

ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 480 என்று வந்தது. கல்லீரல் செல்கள் உடையும்போது ரத்தத்தில் கசியும் நொதி அது. 40-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. டாக்டர், “வேற ஏதாவது மருந்து எடுக்கீங்களாம்மா?” என்று கேட்டார். “இல்ல டாக்டர்” என்றார் அத்தை. அவர் பொய் சொல்லவில்லை. தினம் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் கலந்து குடித்த சீந்தில் சூரணம் அவர் கணக்கில் மருந்தே இல்லை, அது பொடி.

டாக்டருக்குத் தெரிந்த பட்டியலில் கல்லீரலைத் தொடக்கூடிய மாத்திரை அட்டோர்வாஸ்டாட்டின். அதை நிறுத்தினார். கையிலிருந்த தகவலுக்கு அது சரியான முடிவுதான். பொடி மட்டும் தொடர்ந்தது. போதாததற்கு, கண் மஞ்சளாகத் தெரியவும் பக்கத்து வீட்டிலிருந்து கீழாநெல்லி அரைத்து வந்தது. இரண்டு வாரம் கழித்து எஸ்.ஜி.பி.டி. 910.

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. மூலிகை கெடுதல் செய்ததா இல்லையா என்பது அடுத்த கேள்வி. அதைச் சொல்லாமல் விட்டதால் குற்றமற்ற மாத்திரை நின்றது, சந்தேகப்பட வேண்டியது நிற்கவில்லை, நாட்கள் போயின. கல்லீரல் பழுதில் நாட்கள்தான் எல்லாம்.

சீந்தில் கொடி நமக்குப் புதிதல்ல, வடக்கே கிலோய் என்பார்கள். கொரோனா காலத்தில் ‘எதிர்ப்புச் சக்தி’ என்ற பெயரில் நாடு முழுவதும் வீட்டுக்குள் வந்தது. 2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் மும்பையில் ஆறு பேர் கல்லீரல் அழற்சியுடன் வந்ததையும், அவர்கள் எல்லோரும் சீந்தில் எடுத்திருந்ததையும் அங்குள்ள கல்லீரல் மருத்துவர்கள் 2021-ல் பதிவுசெய்தார்கள். அடுத்த ஆண்டு பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து இப்படிப்பட்ட 43 நோயாளிகளைப் பற்றி எழுதின. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் வேறொரு சீந்தில் இனம் கலந்திருக்கலாம் என்றது. இருக்கலாம்தான். ஆனால் கொடியாக இருக்கும்போதே குழப்புகிற இரண்டு, பொடியான பிறகு நம் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

சீந்தில் தின்றவர்கள் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, மிகச் சிலருக்குத்தான். சீந்திலை எதற்காக விற்கிறார்களோ, அந்த எதிர்ப்புச் சக்தித் தூண்டுதலே சிலரிடம் திசைமாறி, உடம்பின் காவல் அணுக்கள் சொந்தக் கல்லீரலைத் தாக்குகின்றன என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்த 43 பேரில் பலருக்குத் தைராய்டுக் குறைவோ, சர்க்கரையோ, ஏற்கெனவே கல்லீரல் நோயோ இருந்தது. இது அளவு கூடியதால் வருகிற விஷமல்ல, ஆளைப் பொறுத்து வருவது. அதனால்தான் “எங்க பாட்டி சாப்பிட்டாளே” என்ற வாதம் இங்கே செல்லாது. அதோடு, பாட்டி காய்ச்சலுக்கு மூன்று நாள் கஷாயம் வைத்துக் குடித்தார். நாம் மாதக்கணக்கில், தினமும், செறிவூட்டிய மாத்திரையாகவும் பொடியாகவும் எடுக்கிறோம்.

அத்தை தீபாவளிக்கு மறுவாரம் தொடங்கினார். அரிப்பு வந்தது சுமார் ஆறரை வாரத்தில். அந்த 43 பேரிலும் பொடி தொடங்கியதற்கும் தொந்தரவு தெரிந்ததற்கும் இடைவெளி ஏறக்குறைய அதேதான், நடுமதிப்பு 46 நாள். நேற்று சாப்பிட்டு இன்று வாந்தி எடுத்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஒன்றரை மாதம் ஒத்துக்கொண்ட பொருளை யார் சந்தேகப்படுவார்கள்?

சிறுநீரகத்தின் கதை வேறு மாதிரி. அங்கே அளவுதான் வில்லன். கேரளத்தில் இரும்பன் புளி என்று சொல்கிற பிலிம்பிக்காயைக் கொழுப்பு குறைய வேண்டும் என்று சாறு பிழிந்து குடித்து, சிறுநீரகம் திடீரென்று செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 2013-ல் எழுதினார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. மீன் குழம்பில் நாலு காய் போடுவது வேறு, அதையே பிழிந்து தம்ளர் கணக்கில் குடிப்பது வேறு. அந்தச் சாற்றில் மண்டிக்கிடக்கும் ஆக்சலேட், சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகி அடைத்துவிடுகிறது. இதைக் குடிப்பவர் மெட்ஃபார்மினும் எடுப்பவர் என்றால் சிக்கல் இரட்டிப்பு. அந்த மாத்திரை சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி அடைபட்டால் உடம்பில் தேங்கி, ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும்.

அத்தையிடம் திரும்புவோம். இரண்டாவதாகப் பார்த்த கல்லீரல் மருத்துவர், இளம் பெண், கேள்வியை மாற்றிக் கேட்டார். “வீட்டுல பொடி, கஷாயம், லேகியம், ஜூஸ் ஏதாச்சும் குடிக்கீங்களாம்மா?”

“பொடி மட்டும்தான் டாக்டர். அது மருந்து இல்லியே.”

“என்ன பொடி? என்னிக்கு ஆரம்பிச்சீங்க? கடைசியா என்னிக்குக் குடிச்சீங்க?”

கடைசிக் கேள்விக்குப் பதில், “இன்னிக்குக் காலையில.”

பொடியும் கீழாநெல்லியும் அன்றே நின்றன. கிருமிகளால் வரும் காமாலைக்கான பரிசோதனைகளில் எதுவும் இல்லை. ஸ்கேனில் கல் இல்லை. கல்லீரலில் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில், எதிர்ப்பு அணுக்கள் மொய்த்திருந்தன. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அது சர்க்கரையை ஏற்றியது, சில வாரம் இன்சுலின் போட வேண்டியிருந்தது. எதிர்ப்புச் சக்திக்குக் குடித்த பொடியால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை. அத்தையே இதைச் சொல்லிச் சிரிப்பார், இப்போது.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அந்தப் பெண் கேட்ட மூன்று கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது. பெயரைச் சொல்வதைவிட டப்பாவையே கொண்டுபோவது நல்லது, ஏனென்றால் ஒரு சூரணத்துக்குள் பத்துச் சரக்கு இருக்கும், அது பின்பக்க லேபிளில்தான் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுத்ததென்றால் மிச்சப் பொடியோடு போங்கள். தொடங்கிய தேதியைத் தினசரி காலண்டர் தாளிலேயே குறித்துவைக்கலாம். எவ்வளவு, எத்தனை வேளை என்பதையும் சொல்ல வேண்டும். சித்த மருத்துவர் எழுதிக்கொடுத்ததானால் அந்தச் சீட்டையும் காட்டுங்கள், அவரிடம் உங்கள் ஆங்கில மாத்திரைகளின் சீட்டைக் காட்டுங்கள். இருவரில் ஒருவருக்காவது மறைத்தால் இருவருமே பாதி தெரிந்துதான் வைத்தியம் பார்ப்பார்கள்.

திட்டுவாரோ என்ற பயம் உண்டு. சில டாக்டர்கள் திட்டவும் செய்கிறார்கள். அது அவர்கள் தவறு, அதனால்தான் நோயாளிகள் வாயைத் திறப்பதில்லை. ஆனால் சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, காரணமில்லாமல் உடம்பு அரித்தாலோ, கால் வீங்கிச் சிறுநீர் குறைந்தாலோ, திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. பொடியை அன்றே நிறுத்திவிட்டு, அன்றே போய்ச் சொல்லுங்கள். டாக்டர் எழுதிய மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சித்திரையில் அத்தையின் எஸ்.ஜி.பி.டி. 36. நிறுத்திய அட்டோர்வாஸ்டாட்டினை டாக்டர் திரும்பத் தொடங்கினார், இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை. அவர் ஃபைலின் முதல் பக்கத்தில், மருந்து ஒவ்வாமை என்ற இடத்தில், சிவப்பு மையில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறது: சீந்தில்.