எந்தத் தகவல்?

ஆங்கிலத்தில் விண்ணப்பமோ கட்டுரையோ எழுதும்போது, பெயர்ச்சொல்லைக் கண்டாலே முன்னால் ஒரு 'தி' போட்டுவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. 'தி இன்ஃபர்மேஷன் இஸ் தி கீ' என்ற வாக்கியம் அப்படிப் பிறந்ததுதான். இலக்கணப் பிழை என்பதைவிட, படிப்பவரைத் தேட வைக்கும் பிழை இது. 'நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்' என்பதுதான் 'தி' தரும் குறிப்பு. அதைப் படித்தவர் 'எந்தத் தகவல்?' என்று முந்தைய வரிகளைப் புரட்டுவார். அங்கே எதுவும் இருக்காது.

இந்த வேறுபாடு தமிழருக்குப் புதிதல்ல. 'பால் வாங்கி வந்தேன்' என்றால் ஏதோ பால். 'பாலை வாங்கி வந்துவிட்டேன்' என்றால் நாம் ஏற்கெனவே பேசிய பால். அந்த 'ஐ' செய்யும் வேலைக்குக் கிட்டத்தட்ட நெருங்கிய வேலையைத்தான் 'தி' செய்கிறது. ஆனால் நம் 'ஐ' செயப்படுபொருளில் மட்டும் வரும். ஆட்களைக் குறிக்கும் சொற்களுக்கு எப்படியும் வந்துவிடும். எனவே இதை முழு அளவுகோலாகக் கொள்ள முடியாது.

ஒரு பள்ளி ஆண்டறிக்கையில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'தி எஜுகேஷன் இஸ் இம்பார்ட்டன்ட் ஃபார் தி சில்ட்ரன். தி டீச்சர்ஸ் ஆஃப் அவர் ஸ்கூல் நோ திஸ்.' ஒவ்வொரு 'தி'யிடமும் 'எந்த?' என்று கேளுங்கள். எந்தக் கல்வி? பொதுவாகக் கல்வி, முதல் 'தி' வேண்டாம். எந்தக் குழந்தைகள்? எல்லாக் குழந்தைகளும், இரண்டாவதும் வேண்டாம். எந்த ஆசிரியர்கள்? எங்கள் பள்ளி ஆசிரியர்கள், மூன்றாவது இருக்கட்டும்.

பின்னால் விளக்கம் வந்தாலே 'தி' வேண்டும் என்றும் நினைக்கக் கூடாது. 'நீங்கள் அனுப்பிய தகவல்' என்றால் குறிப்பிட்ட தகவல், 'தி' உண்டு. 'இன்ஃபர்மேஷன் அபௌட் டயபடீஸ்' என்றால் அந்த நோயைப் பற்றிய ஏதோ தகவல், பெரும்பாலும் 'தி' தேவைப்படாது.

நம் வாக்கியத்தின் இரண்டாவது 'தி'யைத் தொட வேண்டியதில்லை. 'கீ' என்பது இங்கே எண்ணக்கூடிய ஒருமைப் பெயர். அது வெறுமனே நிற்காது. 'இன்ஃபர்மேஷன் இஸ் தி கீ' சரியான வாக்கியம். 'இன்ஃபர்மேஷன் இஸ் கீ' என்பதும் சரி. அங்கே 'கீ' பெயரடையாகி, 'மிக முக்கியம்' என்ற பொருள் தருகிறது.

'தி பூர்', 'தி என்விரான்மென்ட்' போன்றவை பொதுப்பொருளிலும் 'தி'யோடுதான் வரும். பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதி முடித்ததும் பன்மைச் சொற்களையும், கல்வி, நேர்மை போன்ற எண்ண முடியாத சொற்களையும் மட்டும் 'எந்த?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராத இடத்தில் தயங்காமல் அடித்துவிடுங்கள். ஒருமைச் சொற்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.