R, NGC, J: விண்மீன் பெயரை வாசிப்பது

ஜனவரி நடுவில் இரவு ஒன்பதரை மணிவாக்கில் கொச்சி மட்டாஞ்சேரியில் நின்று தெற்கே பள்ளுருத்திப் பக்கம் பார்த்தால், அடிவானத்திலிருந்து சுமார் 17 பாகை உயரத்தில் R Reticuli இருக்கும். வெறும் கண்ணுக்கு அகப்படாது. அதன் ஒளி ஏறி இறங்குவதை 1867-இல் கண்டுபிடித்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர்.

Reticuli என்றால் ரெட்டிகுலம் என்ற விண்மீன் குழுவைச் சேர்ந்தது. R என்றால் அந்தக் குழுவில் முதலில் பெயர் பெற்ற மாறொளி விண்மீன். ஜெர்மானியரான ஆர்கெலாண்டர் வகுத்த முறை இது. Z வரை போனதும் RR, RS என்று இரட்டை எழுத்துகள் தொடங்கி ZZ வரை ஓடும். பிறகு AA-வில் ஆரம்பித்து QZ-இல் முடியும். J-க்கு மட்டும் இடமில்லை. 334 பெயர்கள் தீர்ந்த பின் V335 என்று எண்ணுக்குத் தாவுவார்கள். ஆக, இந்தப் பெயர் சொல்வது வரிசையை. குழுவுக்குள் எந்த மூலை என்பதைச் சொல்லாது.

NGC எண்கள் வேறு ரகம். வானியலாளர் டிரையர் 1888-இல் வெளியிட்ட பட்டியலின் 7,840 உருப்படிகளும் வானத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அடுக்கப்பட்டவை. NGC 224, அதாவது ஆண்ட்ரோமெடா அண்டம், தொடக்கத்திலேயே வந்துவிடும். ஆனால் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் சறுக்கும். சோம்ப்ரேரோ அண்டம் NGC 4594. 24 மணி நேர வட்டத்தை 7,840-ஆல் சமமாகப் பங்கிட்டால் அது 14 மணிக்கோட்டில் விழ வேண்டும். உண்மையில் இருப்பது 12 மணி 40 நிமிடத்தில். கன்னிக் குழுப் பக்கம் அண்டங்கள் மொய்த்துக்கிடப்பதால் எண் அங்கே வேகமாக ஏறிவிடுகிறது.

இடத்தையே பெயராக வைத்தவை J பெயர்கள். வேலா துடிவிண்மீன் PSR J0835-4510. PSR என்பது துடிவிண்மீன் என்ற வகை. 0835 என்றால் 8 மணி 35 நிமிடம். -4510 என்றால் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 45 பாகை 10 கலை. இதற்கே B0833-45 என்ற பழைய பெயரும் உண்டு. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஆயக்கோடுகளும் நகர்கின்றன. B 1950-ஆம் ஆண்டின் கோடுகளை வைத்தது, J 2000-ஆம் ஆண்டினுடையதை.

துல்லியமாகப் பார்த்தால் வேலா துடிவிண்மீன் இருப்பது தெற்கே 45 பாகை 10 கலை 35 விகலை. பெயரில் 4511 என்று முழுமையாக்கக் கூடாது. மிச்சத்தை வெட்டிவிடுவதே விதி. அதனால் தொலைநோக்கியைத் திருப்பப் பெயர் போதாது, பட்டியலில் உள்ள முழு ஆயத்தொலைவைத்தான் எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய வம்பு நடுவிலுள்ள குறி. படியெடுக்கும்போது அதைக் கோட்டைவிட்டு + என்று போட்டுவிட்டால், கொச்சியில் தெற்கே 35 பாகை உயரத்தில் தேட வேண்டியதை வடக்கே 55 பாகையில் தேடிக்கொண்டிருப்போம்.