கண் 4, வாய் 5, கை 6

தலையில் அடிபட்டவரின் கேஸ் ஷீட்டில் 'ஜிசிஎஸ் 9' என்று மட்டும் எழுதியிருந்தால், அடுத்த ஷிஃப்டுக்கு வரும் நர்ஸுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கண்ணைத் திறந்தபடி, ஒரு சத்தமும் எழுப்பாமல், வலித்தால் கையை மட்டும் இழுத்துக்கொள்பவருக்கும் 9 வரும். கண்ணை மூடி முனகிக் கிடந்தாலும், கிள்ளியதும் கண்ணைத் திறந்து, தன்னைக் கிள்ளும் கையைத் தேடி வந்து தள்ளுபவருக்கும் 9 வரும். இருவருடைய மூளையின் நிலையும் ஒன்றல்ல. அதனால்தான் நர்சிங் மாணவர்களுக்கு நான் தயாரிக்கும் கையேட்டில் முதல் வரியே இதுதான்: கூட்டுத்தொகையை எழுதுவதற்கு முன் மூன்று எண்களையும் தனித்தனியே எழுதுங்கள்.

இந்த அளவுகோலின் முழுப்பெயர் கிளாஸ்கோ கோமா ஸ்கேல். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பணியாற்றிய நரம்பியல் அறுவை மருத்துவர்கள் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் இருவரும் 1974-ல் 'லான்செட்' இதழில் இதை வெளியிட்டார்கள். அதுவரை 'அரை மயக்கம்', 'ஆழ்ந்த மயக்கம்' என்று ஆளுக்கொரு விதமாகக் குறித்துவந்தார்கள். ஒருவர் சொன்ன அரை மயக்கம் இன்னொருவருக்கு ஆழ்ந்த மயக்கமாக இருந்தது. நோயாளி என்ன நிலையில் இருக்கிறார் என்று ஊகிக்காமல், என்ன செய்கிறார் என்பதை மட்டும் பார்த்து எழுத இவர்கள் வழி செய்தார்கள். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைவது என்ற மூன்றுதான் அவர்கள் பார்க்கச் சொன்னவை.

எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுவார்கள். தலையிலிருந்து கீழே இறங்கி வந்தால் மறக்காது. கண்ணுக்கு 4, வாய்க்கு 5, கைக்கு 6. உடம்பில் கீழே இறங்க இறங்க எண் ஏறும். எல்லாம் சரியாக இருந்தால் 15. எதுவுமே இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 1 உண்டு, ஆகவே 3-க்குக் கீழே போகாது. 'பூஜ்யம்' என்று யாராவது எழுதியிருந்தால் அது தவறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

உள்ளே இருக்கும் படிகளுக்கும் தமிழிலேயே ஒரு ஓட்டம் வைத்திருக்கிறேன். கண்ணுக்கு, மேலிருந்து கீழாக: தானாக, குரலுக்கு, அழுத்தத்துக்கு, இல்லை. பேச்சுக்கு: தெளிவு, குழப்பம், சொல், ஒலி, மௌனம். அசைவுக்கு: கேட்கும், தேடும், விலகும், மடங்கும், நீளும், கிடக்கும். சொன்னதைக் கேட்டுச் செய்தால் 6. வலிக்கும் இடத்தைத் தேடிக் கை வந்தால் 5. வலியிலிருந்து விலகினால் 4. கை மெதுவாக நெஞ்சின் குறுக்கே மடங்கி, விரல்கள் கட்டை விரலை மூடிக்கொண்டால் 3. முழங்கை விறைத்து நீண்டால் 2. அசைவே இல்லையென்றால் 1.

இதில் 4-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாடுதான் படுக்கையருகில் மிகவும் கடினமானது. இரண்டிலும் முழங்கை மடங்கும். விலகும் கை சட்டென்று நகரும், உடம்பை விட்டு வெளியே போகும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி அசையும். மடங்கும் கை மெதுவாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உள்ளே வரும், கால் விறைத்து நீளும். சந்தேகம் இருந்தால் தனியாக முடிவு செய்யாமல், மூத்த நர்ஸ் ஒருவரை அழைத்து மறுபடி சோதிக்கச் சொல்கிறேன்.

கையேட்டில் ஒரு பயிற்சி நோயாளி உண்டு. 22 வயது இளைஞர், ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்தவர், இரவு 9 மணிக்கு அவசரப் பிரிவுக்கு வருகிறார். கண் மூடியிருக்கிறது. "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டதும் திறக்கிறார்: கண் 3. பெயர் சரியாகச் சொல்கிறார். ஆனால் எங்கே இருக்கிறீர்கள் என்றால் வீட்டில் என்கிறார், மாதத்தையும் மாற்றிச் சொல்கிறார்: பேச்சு 4. "நாக்கை நீட்டுங்க தம்பி" என்றதும் நீட்டுகிறார்: அசைவு 6. மொத்தம் 13. கையைப் பிடிக்கச் சொல்லிச் சோதிப்பதானால், விடவும் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் விரல் பட்டாலே அனிச்சையாக மூடும் கைகளும் உண்டு.

அரை மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்கிறோம். 9.30-க்கு மாற்றமில்லை. 10 மணிக்குக் கேள்விக்குப் பதிலாக "அம்மா", "வலி" என்று தொடர்பில்லாத சொற்கள் மட்டும் வருகின்றன. பேச்சு 3 ஆகி, மொத்தம் 12 ஆகிறது. ஒன்றுதானே குறைந்தது என்று மாணவர்கள் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். மருத்துவரிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

10.30-க்கு எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. விரல் நுனியில், நகத்தின் மேல் பேனாவை வைத்துச் சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டினால், பத்து விநாடிக்குள் திறக்கிறார்: கண் 2. வெறும் முனகல்: பேச்சு 2. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசையைக் கிள்ளினால், வலது கை காறையெலும்புக்கு மேலே ஏறி என் கையைத் தேடி வருகிறது. இடது கை மடங்கி விலக மட்டும் செய்கிறது. வலது 5, இடது 4. எழுத வேண்டியது சிறந்ததை, அதாவது 5-ஐ. மொத்தம் 9. ஆனால் இடது கை பின்தங்குவதைத் தனியாகக் குறித்தே ஆக வேண்டும், ஏனென்றால் கோளாறு எந்தப் பக்கம் என்று அதுதான் சொல்கிறது. டார்ச் அடித்தால் வலது கண்மணி பெரிதாகி, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருக்கிறது. சி.டி. ஸ்கேனில் வலப்பக்கம் மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருக்கிறது. அது வலப்பக்க மூளையை அழுத்துவதால் இடது கை தளர்ந்திருக்கிறது. அவரை உடனே அறுவை அரங்குக்கு அனுப்ப வேண்டும்.

சோதிக்கவே முடியாத இடத்தில் 1 போடுவதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை. மூச்சுக்குழாயில் டியூப் போட்டவரால் பேச முடியாது, முகம் வீங்கியவரால் கண் திறக்க முடியாது. அங்கே 'சோதிக்க இயலவில்லை' என்று காரணத்தோடு எழுதி, கூட்டுத்தொகையை விட்டுவிட வேண்டும். கழுத்து முறிந்தவர் கையை அசைக்காமல் கிடந்தால் மூளை அடங்கிவிட்டது என்று பொருளில்லை. நாக்கை நீட்டச் சொல்லியும் புருவத்தை உயர்த்தச் சொல்லியும் பார்க்க வேண்டும். வட மாநிலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியிடம் தமிழில் மாதம் கேட்டுவிட்டு 'குழப்பம்' என்று எழுதுவது பெரிய அநியாயம். குழம்பியிருப்பது அவரா, நம் கேள்வியா என்று தெரியாது. அவர் மொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிட ஐந்து நிமிடம் செலவழிக்கலாம்.

8 அல்லது அதற்குக் குறைந்தால் டியூப் போடு என்று ஒரு வாய்ப்பாடு மாணவர்களிடம் புழங்குகிறது. தலைக்காயத்தில் மூச்சுப்பாதையைக் காக்க அது நினைவூட்டலாக உதவும். குடித்து மயங்கியவருக்கும் மாத்திரை விழுங்கியவருக்கும் அதை அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே மருத்துவரின் தீர்ப்புதான் செல்லும்.

விபத்தில் அடிபட்டவரை நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தால் அஞ்சு விஷயம் மறக்காமல் சொல்லுங்கள்: அடிபட்டதும் பேசினாரா, எப்போது பேச்சு நின்றது, குடித்திருந்தாரா, அவருக்குக் காது கேட்குமா, என்ன மொழி பேசுவார். இவை தெரியாமல் நாங்கள் போடும் மதிப்பெண்ணில் பாதி ஊகம்தான்.