வெல்டிங் மூட்டில் ஏன் முதலில் துருப்பிடிக்கிறது?

கடலோர ஊர்களில் வீட்டு இரும்பு கேட்டுகளைக் கவனித்தால், கம்பிகளின் நடுவே பெயிண்ட் பளிச்சென்று இருக்க, வெல்டிங் மூட்டுகளிலிருந்து மட்டும் பழுப்புக் கறை வழிவதைப் பார்க்கலாம். பழி பெயிண்ட் கம்பெனி மேல் விழுகிறது. கோளாறு பெரும்பாலும் பெயிண்டுக்கு முந்தைய வேலையில் இருக்கிறது.

வெல்டிங் செய்யும்போது உருகிய இரும்பு சின்னத் துளிகளாகத் தெறித்து மூட்டைச் சுற்றி ஒட்டிக்கொள்கிறது. இதுதான் ஸ்பேட்டர். கூர்மையான உச்சியில் ஈரப் பெயிண்ட் நிற்காமல் விலகிவிடுவதால், துளியின் தலையில் படலம் மெலிந்துபோகிறது. துளிக்கு அடியிலுள்ள இடுக்கிலோ பெயிண்ட் நுழைவதே இல்லை. ஈரம் மட்டும் நுழைகிறது. வெல்டிங் மேல் படியும் கசடும் அப்படித்தான், பின்னாளில் பெயிண்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும்.

புதிதாக வெல்டிங் முடிந்த கேட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் சிப்பிங் சுத்தியலால் கசடைத் தட்டி, உளியால் பெரிய துளிகளைப் பெயர்க்க வேண்டும். அடுத்து, தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். கிரைண்டிங்குக்கு முன்பே இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு: பிசுக்கோடு தேய்த்தால் டிஸ்க் அதை இரும்பின் கீறல்களுக்குள் இழுத்துவிடும்.

பிறகு, 4 அங்குல கிரைண்டரில் 60 அல்லது 80 கிரிட் ஃபிளாப் டிஸ்க்கை மாட்டி, லேசாகச் சாய்த்து, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்த வேண்டும். கண்ணாடியும் டிஸ்க் கார்டும் கட்டாயம். மேடு பள்ளமே தெரியாமல் மூட்டைத் தட்டையாக்கும் ஆசை ஆபத்தானது. மெல்லிய சதுரக் குழாயில் வெல்டிங்கின் பலமே தேய்ந்துபோகும். கூர்முனைகளை மழுக்கினால் போதும். டிஸ்க் எட்டாத மூலைகளுக்கு அரமும் கம்பி பிரஷும் உதவும்.

கம்பி பிரஷில் ஒரு ஏமாற்று உண்டு. அழுத்தித் தேய்த்தால் துரு போகாமலே மெருகேறி, கறுப்பாக மின்னும். அதைச் சுத்தமான இரும்பு என்று நம்பக்கூடாது. உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தால் அடியிலிருந்து பழுப்புத் தூள் வரும். புது இரும்பிலுள்ள நீலக்கறுப்புத் தோல் வேறு விஷயம். உறுதியாக ஒட்டியிருக்கும் அதை முழுக்க நீக்க மணல்வீச்சு போன்ற முறைகள் வேண்டும். பட்டறையில் தளர்ந்து பெயரும் பகுதிகளையாவது, குறிப்பாக வெல்டிங் சூட்டில் பொரிந்த இடங்களையாவது, சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

தூசியைத் துடைத்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். வெறும் இரும்பை இரவு ஈரத்தில் விட்டால் காலையில் மெல்லிய துரு படிந்திருக்கும். ஜிங்க் பாஸ்பேட் கலந்த ரெட் ஆக்சைடு இத்தகைய கேட்டுகளுக்குப் பொதுவான தேர்வு. மூட்டுகள், விளிம்புகள், மூலைகள் ஆகியவற்றுக்கு முதலில் பிரஷால் தனியாக ஒரு கை அடித்து, அது காய்ந்தபின் முழு கேட்டுக்கும் அடிப்பது நல்லது. ஸ்ப்ரே மட்டும் அடித்தால் இடுக்குகள் தப்பிவிடும். பிரைமர் தனியாக நெடுநாள் வெயில் மழையைத் தாங்காது. டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளிக்குள் மேல்பூச்சு ஏற வேண்டும்.

கேட் ஆர்டர் கொடுத்தவர் பட்டறைக்கு ஒரே ஒரு முறைதான் போக முடியுமென்றால், பிரைமர் அடிப்பதற்கு முன்னால் போகலாம். மூட்டுகளின் மேல் ஒரு பழந்துணியை இழுத்தால், நூல் சிக்கும் இடமெல்லாம் இன்னும் கிரைண்டிங் பாக்கி.