ஸ்டாலுக்குக் கிளம்பியாச்சு... ஆர்டர் புக் எங்கே?

வர்த்தகக் கண்காட்சியில் இட்லிப் பொடி ஸ்டால் போடுகிறீர்களா? பெரும்பாலும் கிடைப்பது 3-க்கு 3 மீட்டர் இடம்தான். பேனரில் பெயரைத் தலைக்கு மேலே அச்சிடுங்கள். கீழே இருப்பதை மேஜை மறைத்துவிடும்.

ஒரு கிலோ பொடியில் 10 கிராம் சாம்பிள் பாக்கெட் 100 போடலாம். கேட்பவர்களுக்கெல்லாம் நீட்டினால் மதியத்துக்குள் காலி. கூட்டத்துக்குத் தட்டில் மினி இட்லி போதும். பாக்கெட், விசிட்டிங் கார்டு தரும் கடைக்காரருக்கு மட்டும். அதில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும், நோட்டீஸ் தொலைந்தாலும் பாக்கெட் பேசும்.

நோட்டீஸில் விலை வேண்டாம். மொத்த விலைப் பட்டியலைத் தனித்தாளில் வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஆர்டர் படிவத்தில்தான். ‘பொடி 10 கிலோ’ என்று மட்டும் எழுதி வந்தால் வீட்டுக்கு வந்ததும் குழப்பம். அது 200 கிராமில் 50 பாக்கெட்டா, 100 கிராமில் 100 பாக்கெட்டா? கவர், லேபிள், கூலி எல்லாம் இரண்டாவதில் இரட்டிப்பு. பாக்கெட் அளவு, எண்ணிக்கை, விலை, ஜி.எஸ்.டி எண், டெலிவரி தேதி, லாரி வாடகை யாருடையது, அட்வான்ஸ் எவ்வளவு என்று தனித்தனிக் கட்டங்கள் போடுங்கள். கார்பன் வைத்து எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இரண்டு பேனா கூடுதலாக இருக்கட்டும். முதல் நாளே ஒன்று காணாமல் போகும்!