அப்பத்தாவின் மனக்கணக்கு

மாணவ நண்பர்களே, சந்தையில் காய்கறி வாங்கி முடித்ததும் எவ்வளவு ஆயிற்று என்று நீங்கள் எப்படிக் கூட்டுவீர்கள்? கைப்பேசியை எடுப்பீர்களா? காகிதத்தில் எழுதுவீர்களா? நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது பேனாவால் உள்ளங்கையில் எழுதிக் கூட்டினேன். அதன் பலனாக நானும் என் அப்பத்தாவும் நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டியதாயிற்று. அந்தக் கதையை முதலில் கேளுங்கள்.

அது 1990-ஆம் ஆண்டு. எங்கள் ஊர் மதுரைக்குக் கிழக்கே ஒரு சிறு கிராமம். வாரச் சந்தைக்குப் பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போக வேண்டும். அன்று அப்பத்தா முறம் பின்னுகிறவரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என் கையில் இருபது ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்து, "காய் வாங்கிட்டு வாத்தா. பஸ்ஸுக்கு ஒண்ணு எம்பது மிச்சம் வச்சுக்க" என்றார்.

நான் ஒரே கடையில் ஐந்து காய்கள் வாங்கினேன். சின்ன வெங்காயம் ஒரு கிலோ 4 ரூபாய் 75 பைசா. தக்காளி ஒரு கிலோ 2 ரூபாய் 80 பைசா. கத்தரிக்காய் அரைக் கிலோ 1 ரூபாய் 75 பைசா. உருளைக்கிழங்கு முக்கால் கிலோ 3 ரூபாய் 75 பைசா. வாழைக்காய் மூன்று 1 ரூபாய் 80 பைசா. பள்ளியில் கற்றபடி ஒன்றன் கீழ் ஒன்றாக உள்ளங்கையில் எழுதி, வலப்பக்கத்திலிருந்து கூட்டினேன். பைசாக்கள் 385 வந்தன. 85 எழுதினேன். மீதி 3-ஐ மனத்தில் வைத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு மாட்டு வண்டி வந்து எல்லோரும் விலகினோம். திரும்பி வந்து ரூபாய்களைக் கூட்டினேன், 11 வந்தது. மனத்தில் வைத்த 3 மனத்திலேயே தங்கிவிட்டது!

மொத்தம் 11 ரூபாய் 85 பைசா என்று நினைத்தேன். இன்னும் எட்டு ரூபாய்க்கு மேல் இருக்கிறதே என்று, எனக்குப் பிடித்த பீன்ஸ் ஒரு கிலோ, 5 ரூபாய்க்கு, சேர்த்துப் போடச் சொன்னேன். கடைக்காரர் இருபது ரூபாயை வாங்கிக்கொண்டு 15 பைசாவைத் திருப்பித் தந்தார். நான் அழுதுகொண்டே அப்பத்தாவிடம் ஓடி, "கடைக்காரரு ஏமாத்திட்டாரு" என்றேன்.

அப்பத்தா பைக்குள் பார்த்தார். ஒவ்வொன்றின் விலையையும் கேட்டார். கட்டை விரல் மற்ற விரல்களின் கணுக்களில் நகர்ந்தது. "அவரு சரியாத்தான் வாங்கியிருக்காரு. காயி பதினாலு எம்பத்தஞ்சு, பீன்ஸ் அஞ்சு. நீதான் மூணு ரூவாயத் தொலைச்சுட்ட" என்றார். முறத்துக்குக் கொடுத்தது போக அவரது சுருக்குப் பையில் ஒன்றும் இல்லை. நிறுத்து வாங்கிய காயைத் திருப்பிக் கொடுப்பது அவருக்குப் பிடிக்காது. ஆகவே நடந்தோம். அந்த நடையில்தான் எனக்குப் பாடம் நடந்தது.

"நீ எங்கிருந்து கூட்டுன?" என்று கேட்டார்.

"பைசாவிலிருந்து, அப்பத்தா. பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"காகிதத்துல அது சரித்தா. மனசுக்குள்ள பெருசத்தான் மொதல்ல பிடிக்கணும். சில்லறைய வச்சுக்கிட்டு ரூவாயத் தொலைக்கலாமா? நாலே முக்காலு, அஞ்சுக்கு எம்புட்டுக் குறை?"

"காலு ரூபாய்."

"அப்ப அத அஞ்சுன்னு வச்சுக்க. குறைய அப்புறம் பாத்துக்கலாம்."

இப்படி ஒவ்வொரு விலையையும் அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்தச் சொன்னார். ஐந்து, மூன்று, இரண்டு, நான்கு, இரண்டு. ஐந்தும் மூன்றும் எட்டு, பத்து, பதினான்கு, பதினாறு. ஒவ்வொரு முறையும் மனத்தில் ஓர் எண்தான் இருக்க வேண்டும்; பழைய எண்ணை விட்டுவிடலாம். மொத்தம் 16.

இனிக் குறைகள். வெங்காயம், கத்தரி, உருளை ஆகிய மூன்றும் ஆளுக்குக் கால் ரூபாய் குறை. மூன்று கால் முக்கால், அதாவது 75 பைசா. தக்காளியும் வாழைக்காயும் இருபது பைசா வீதம் குறை, 40 பைசா. இரண்டும் சேர்ந்து 1 ரூபாய் 15 பைசா. பதினாறிலிருந்து அதைக் கழித்தால் 14 ரூபாய் 85 பைசா. உள்ளங்கையில் எழுதாமலே விடை வந்துவிட்டது!

"குறையெல்லாம் மறந்துபோனா?" என்று கேட்டேன்.

"மறந்தா என்ன? காசு கொஞ்சம் கூடன்னு நெனச்சுக்குவ. பஸ்ஸுக்கு வச்ச காசு பத்திரமா இருக்கும். எப்பவும் மேலதான் தூக்கணும், கீழ எறக்கப்படாது."

இதில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று பிற்பாடு இயற்பியல் படித்தபோதுதான் உணர்ந்தேன். பிழை நேர்ந்தே தீரும் என்றால், அது எந்தத் திசையில் நேர்ந்தால் ஆபத்தில்லையோ அந்தத் திசையில் நேரும்படி முறையை அமைக்க வேண்டும். அப்பத்தாவின் முறையில் குறையைக் கழிக்க மறந்தால் விடை உண்மையைவிடப் பெரிதாகும். கைப்பணம் போதும் என்று அது சொன்னால், உண்மையிலேயே போதும். என் முறையில் மூன்றை மறந்தபோது விடை சிறிதாயிற்று. அதனால்தான் பஸ் கட்டணம் பீன்ஸாக மாறியது.

பிழையைக் கண்டுபிடிக்கவும் இந்த முறையில் ஒரு வழி இருக்கிறது. ஐந்து பொருள்களில் ஒவ்வொன்றின் குறையும் அதிகமாகப் போனால் கால் ரூபாய். ஐந்து கால் ஒன்றே கால். ஆகவே மொத்தம் பதினாறிலிருந்து ஒன்றே கால் கழித்த 14 ரூபாய் 75 பைசாவுக்குக் கீழே போகவே முடியாது. ஒவ்வொரு குறையும் குறைந்தது இருபது பைசா. ஐந்துக்கும் சேர்த்து ஒரு ரூபாய். ஆகவே 15 ரூபாய்க்கு மேலும் போக முடியாது. சரியான விடையை அறியும் முன்னரே, அது இந்த இரண்டு வேலிகளுக்குள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. என்னுடைய 11 ரூபாய் 85 பைசா வேலிக்கு வெளியே வெகு தூரத்தில் நின்றது!

அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. அவருக்கு இந்தக் 'கால்' கணக்கு எங்கிருந்து வந்தது? அவர் வளர்ந்த காலத்தில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. பதினாறைப் பாதியாக்கினால் எட்டு, பிறகு நான்கு, இரண்டு, ஒன்று. நான்கு முறை பாதியாக்கியும் பின்னம் வராது. அந்தப் பாதிகளுக்கெல்லாம் தமிழில் பெயர் உண்டு: அரை, கால், அரைக்கால், மாகாணி. ரூபாயில் மாகாணி என்பது பதினாறில் ஒன்று, அதாவது ஓர் அணா. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு பைசா என்று மாறியது. நூறைப் பாதியாக்கினால் ஐம்பது, மறுபடி இருபத்தைந்து. மூன்றாவது முறை பன்னிரண்டரை வந்து உடைந்துவிடுகிறது. ஆகவே அரைக்காலும் மாகாணியும் கடைத் தெருவிலிருந்து மறைய, அரையும் காலும் முக்காலும் நிலைத்தன. ஐம்பது பைசாவை 'எட்டணா' என்றும், இருபத்தைந்து பைசாவை 'நாலணா' என்றும் மக்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். அந்த நாலணா நாணயம் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாததாகிவிட்டது.

நிறையிலும் அப்பத்தா பாதியாக்கித்தான் கணக்கிடுவார். உருளைக்கிழங்கு கிலோ 5 ரூபாய். முக்கால் கிலோ எவ்வளவு? 750-ஐ ஐந்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டியதில்லை. அரைக் கிலோ இரண்டரை ரூபாய். கால் கிலோ அதில் பாதி, ஒன்றே கால். இரண்டும் சேர்ந்து மூன்றே முக்கால்.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் சந்தையில் விற்பனை செய்த ஐந்து சிறுவர் சிறுமியரை மூன்று ஆய்வாளர்கள் சோதித்து, 1985-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வாடிக்கையாளர்போல் நின்று விலை கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடைகள் சரியாக இருந்தன. அதே பிள்ளைகளிடம் அத்தகைய கணக்குகளையே வெறும் எண்களாகக் கொடுத்தபோது, சரியான விடைகள் நூற்றுக்கு முப்பத்தேழாகக் குறைந்தன. சந்தையில் அவர்கள் எண்களைத் தங்களுக்கு வசதியான துண்டுகளாக்கிக் கூட்டினார்கள். காகிதத்திலோ பள்ளி முறையைப் பின்பற்ற முயன்று தடுமாறினார்கள். உள்ளங்கையோடு நின்ற என் நிலையும் அதுதான் அல்லவா?

இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே கடை, அதே விலைகள். கத்தரிக்காய் மட்டும் வாங்கவில்லை. இம்முறை அப்பத்தா என் பின்னால் நின்றார். கடைக்காரர், "பதினாலு பத்து" என்றார். நான் ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பதினான்கு என்று முழு ரூபாய்களைக் கூட்டி முடித்திருந்தேன். குறைகளை இன்னும் தொடவில்லை.

"அண்ணே, முழு ரூபாயாக் கூட்டினாலே பதினாலுதான் வருது. அதுக்கு மேல எப்படி வரும்?" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். மறுபடி வாய்க்குள் கூட்டினார். "ஆமா பாப்பா, பதிமூணு பத்து" என்று சிரித்தார். குறைகள் இரண்டு கால், இரண்டு இருபது. மொத்தம் 90 பைசா. விடை சரிதான். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. சுருக்குப் பையை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி முன்னால் நடந்தார்.

இன்று பைசாக் கணக்கு சந்தையில் இல்லை. ஆனாலும் முறை மாறவில்லை. முழு ரூபாய்க்குப் பதில் முழுப் பத்துக்கு உயர்த்த வேண்டும், அவ்வளவுதான். 38, 47, 29, 65, 18 ரூபாய் என்று ஐந்து விலைகள். 40, 50, 30, 70, 20 என உயர்த்தினால் 210. குறைகள் 2, 3, 1, 5, 2, மொத்தம் 13. விடை 197.

இம்முறை எல்லா விலைகளுக்கும் வசதியாக இராது. 32, 41, 53 என்று வந்தால் குறைகள் 8, 9, 7 எனப் பெரிதாகிவிடும். அப்போது உயர்த்தாமல் பத்துகளை மட்டும் முதலில் கூட்டுங்கள்: 30, 70, 120. பிறகு 2, 1, 3 சேர்த்தால் 126. எப்படியானாலும் பெரியதை முதலில் பிடிக்கிறோம். இருபது முப்பது பொருள்கள் என்றால் காகிதமே நல்லது. ஆனால் அதில் வந்த விடை வேலிக்குள் இருக்கிறதா என்று மனத்தால் பார்த்துவிடுங்கள்.

இதோ உங்களுக்கு ஒரு கணக்கு. விலைகள் 27, 58, 46, 39 ரூபாய். கையில் இரண்டு நூறு ரூபாய் நோட்டுகள். பஸ்ஸுக்கு 20 ரூபாய் வேண்டும். குறைகளைக் கழிக்காமலே, பஸ்ஸில் போகலாமா, நடக்க வேண்டுமா என்று சொல்லுங்கள் பார்க்கலாம்!